ஒருபொழுதும் உடற்பயிற்சியும்



ஐப்பசித் திங்களில் அமாவாசைக்கு மறுநாள் தொடங்கிச் சஷ்டி முடிய ஆறு நாள் முருகப் பெருமானை நினைந்து நோன்பிருப்பது நம் நாட்டில் நெடுங்காலமாக நிலவிவரும் வழக்கம். திருச்செந்தூரில் சூரசம்ஹாரம் நடைபெறும் ஆறாம் நாளோடு அந்நோன்பு நிறைவு பெறும். நோன்பிருக்கும் முறை மட்டும் எல்லார்க்கும் ஒன்றாக இருப்பதில்லை. நீர் மட்டும் பருகி இருப்பாரும் உளர். பாலும் பழமும் கொள்வாரும் உளர். நண்பகல் வழிபாடு முடித்து ஒரு வேளை மட்டும் மரக்கறி உணவு உண்பவரே பெரும்பாலோர். இதனையே ஒருபொழுது என்கிறோம்.

ஒருபொழுது இருப்பவர் வீட்டிலும் கோயிலிலும் அமைதியாகப் பொழுது போக்குபவராயின் அவருக்குச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. ஆனால், அதே ஆறு நாளில் ஓட வேண்டியவர், எடை தூக்க வேண்டியவர், சடுகுடு ஆட வேண்டியவர் என்ன செய்வது? இந்தக் கேள்விக்கு விடை தேட வேண்டிய நிலை எனக்கே ஒருமுறை வந்தது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் ஊர்ச் சடுகுடு அணிக்குப் பயிற்சி அளிக்கும் பொறுப்பு என்னுடையது. அணியில் பாடிச் செல்வதில் வல்லவரான இளைஞர் ஒருவர் இருந்தார். வயது 22, எடை 64 கிலோ. தம் தாயார் நோயினின்று மீண்டதற்காக ஆறு நாள் ஒருபொழுது இருப்பதாக அவர் நேர்ந்துகொண்டிருந்தார். நோன்பு முடிந்த நான்காம் நாள் வட்டார ஆட்டம். "தம்பி, இந்த ஆண்டு மட்டும் நோன்பைத் தள்ளிவைக்கலாகாதா?" என்றேன். "நேர்ந்துகொண்டதை எப்படித் தள்ளுவது, வாத்தியாரையா? பயிற்சிக்கும் தவறாமல் வந்துவிடுகிறேன்" என்றார் அவர். நானும் வாளாவிருந்துவிட்டேன்.

அவர் சொன்னபடியே வந்தார். வழக்கம்போல் விடியற்காலை 6 மணிக்கு 5 கிலோமீட்டர் ஓட்டம். மாலையில் இரண்டு மணி நேர ஆட்டப் பயிற்சி. ஒன்றும் குறைக்கவில்லை. உணவுக்கு முன் நீர் பருகுவதும் நோன்புக்கு இழுக்கு என்று எண்ணிக் காலையில் ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. நான்காம் நாள் காலை ஓட்டத்தின் கடைசித் திருப்பத்தில் தலை சுற்றிச் சாய்ந்தார். சாயும்போது கணுக்கால் பிசகிவிட்டது. வட்டார ஆட்டம் அவருக்கு இல்லாமற் போயிற்று. "நோன்புதானே இவனை வீழ்த்தியது?" என்று பலரும் பேசினர். தாயாரோ தம்மால் மகனுக்கு இப்படி நேர்ந்ததே என்று வருந்தினார். உண்மையில் அவரை வீழ்த்தியது நோன்பன்று. நோன்பு நாளின் கணக்கை அறியாமல் மற்ற நாளின் பயிற்சியை அதன் மேல் ஏற்றி வைத்த எங்கள் அறியாமையே.

அந்தக் கணக்கு யாது? நாம் உண்ணும் சோறு முதலியவற்றின் மாவுச்சத்து சர்க்கரையாக மாறி இரத்தத்திற் கலக்கிறது. உடனே செலவாகாத பகுதியை உடல் இரண்டு களஞ்சியங்களில் சேர்த்து வைக்கிறது. ஒன்று கல்லீரல், மற்றொன்று தசைகள். கல்லீரலில் தங்குவது ஏறத்தாழ 100 கிராம். தசைகளில் எல்லாம் சேர்த்து 300 முதல் 500 கிராம் வரை தங்கும். அளவிற் சிறியதாயினும் கல்லீரலின் களஞ்சியமே ஊருக்குப் பொதுவானது. உணவில்லாத வேளையில் இரத்தத்திற்குச் சர்க்கரை வழங்குவதும், அதனால் மூளையைக் காப்பதும் அதுவே. தசையின் களஞ்சியமோ தனியார் களஞ்சியம். தான் சேர்த்ததைத் தானே செலவிடுமேயன்றி மூளைக்கென்று ஒரு துளியும் வெளியே விடாது.

நண்பகல் 12.30 மணிக்கு உண்டவருக்கு மாலை வரை அவ்வுணவே சர்க்கரையைக் கொடுத்துக்கொண்டிருக்கும். இரவு தொடங்கியதும் கல்லீரல் தன் இருப்பை எடுத்து வழங்கத் தொடங்கும். மறுநாள் விடியற்காலையில், அதாவது உண்டு பதினேழு, பதினெட்டு மணி நேரம் சென்றபின், அவ்விருப்பில் பெரும்பகுதி தீர்ந்திருக்கும். அப்போது உடல் கொழுப்பை மிகுதியாக எரிக்கும். புரதம் முதலியவற்றிலிருந்து சிறிது சர்க்கரையும் ஆக்கிக்கொள்ளும். மெல்ல நடப்பதற்கும் எளிய அசைவுகளுக்கும் இது போதும். விரைந்து ஓடுவதற்கும் பாய்ந்து தொட்டு மீள்வதற்கும் போதாது. ஏனெனில் கொழுப்பு மெதுவாகவே ஆற்றல் தரும். இரவெல்லாம் நீர் பருகாமையால் இரத்த ஓட்டத்தின் அளவும் குறைந்திருக்குமாயின், வேகமாக ஓடியவர் திரும்பும்போதோ நிற்கும்போதோ தலை சுற்றுவது வியப்பன்று. கால் வலுவாக இருக்கவே தலை தள்ளாடுவதன் காரணம் இதுவே.

இதிலிருந்து ஒரு முடிவு பெறப்படுகிறது. ஒருபொழுது நாளில் பயிற்சி நேரத்தைக் கடிகாரம் பார்த்து வகுத்தலாகாது. உணவு வேளையைப் பார்த்தே வகுத்தல் வேண்டும். மறு ஆண்டு அதே இளைஞர் அதே நோன்பை மேற்கொண்டபோது நாங்கள் இதனையே செய்தோம்.

உணவு நண்பகல் 12.30 மணிக்கு. வயிறு கனத்திருக்கும்போது ஓடினால் குமட்டலும் விலாப்பிடிப்பும் வரும். ஆகவே மூன்றரை மணி நேரம் இடைவெளி விட்டு மாலை 4 மணிக்குக் கடும் பயிற்சி தொடங்கினோம். உணவின் பயன் உடலிற் பரவியும், வயிறு இலேசாகியும் இருக்கும் வேளை அதுவே. 5 மணிக்குள் முடித்துவிட்டோம். காலை ஓட்டத்தை அறவே நிறுத்தினோம். அதற்குப் பதிலாக அரை மணி நேர நடை, மூட்டுகளை இளக்கும் அசைவுகள், கால் வைக்கும் முறையை மெதுவாகச் செய்து பார்த்தல் ஆகிய இவை மட்டும். மூச்சு வாங்காமல் பேசிக்கொண்டே செய்யக்கூடிய அளவே காலைப் பயிற்சியின் எல்லை என்று வைத்துக்கொண்டோம்.

அடுத்து, பயிற்சியின் அளவு. மற்ற நாளில் பயிற்சி முடிந்தவுடன் உண்கிறோம். அவ்வுணவு தசையின் களஞ்சியத்தை மீண்டும் நிரப்புகிறது. ஒருபொழுதுக்காரர் 5 மணிக்குப் பயிற்சி முடித்தால் அடுத்த உணவு மறுநாள் நண்பகலில்தான். இடையே பத்தொன்பது மணி நேரத்திற்கு மேல் ஆகிறது. ஆகவே நாள்தோறும் கடும் பயிற்சி செய்தால் செலவு கூடி வரவு குறையும். இதனால் முதல், மூன்றாம், ஐந்தாம் நாட்களில் மட்டும் கடும் பயிற்சி. இரண்டாம், நான்காம் நாட்களில் நடையும் ஆட்ட நுணுக்கமும் மட்டும். ஆறாம் நாள் முழு ஓய்வு என்று பிரித்துக்கொண்டோம்.

இங்கே பலரும் செய்யும் பிழை ஒன்று உண்டு. சோர்வாக இருக்கிறது என்று தூக்கும் எடையைக் குறைத்து, தடவைகளை மட்டும் குறைக்காமல் வைத்துக்கொள்கிறார்கள். இது தலைகீழ் முறை. வலிமையைக் காப்பாற்றுவது பளுவின் கடுமையே. களஞ்சியத்தை வற்றச் செய்வது தடவைகளின் பெருக்கம். நம் இளைஞர் வழக்கமாக 70 கிலோ எடையைத் தோளில் தாங்கி, ஆறு ஆறு தடவையாக நான்கு சுற்று உட்கார்ந்தெழுவார். நோன்பு நாட்களில் அதே 70 கிலோ; ஐந்து ஐந்து தடவையாக இரண்டே சுற்று. அரை நிமிடம் பாடிச் சென்று மீளும் பயிற்சியை வழக்கமாக இருபது முறை செய்வார். அதை எட்டு முறையாக்கினோம். ஒவ்வொன்றுக்கும் இடையே இரண்டு நிமிட ஓய்வு கொடுத்தோம். வேகம் குறையவில்லை, எண்ணிக்கையே குறைந்தது. பயிற்சியை இப்படிப் பாதியாகக் குறைத்தாலும், ஆறு நாளில் தேர்ந்த ஆட்டக்காரர் எவரும் தம் வலிமையை இழந்துவிடுவதில்லை.

இனி இலையைப் பார்ப்போம். மூன்று வேளை உணவை ஒரே வேளையில் அடைத்துவிட முயல்வது கூடாது. வயிறு அதனை ஏற்காது. மாலைப் பயிற்சியும் கெடும். ஒரு வேளைக்குள் எது தவறாமல் இருக்க வேண்டும் என்று தேர்ந்துகொள்வதே அறிவுடைமை. வெறுஞ்சோறும் அப்பளமும் பாயசமுமாக உண்டால் வயிறு நிறையும். தசைக்கு வேண்டிய புரதம் நிறையாது. மரக்கறி உணவில் புரதம் தருபவை பருப்பும் பயறும் கடலையும் தயிரும் பாலுமே.

நாங்கள் வகுத்த இலை இது. அரிசி 200 கிராம் வடித்த சோறு. துவரம் பருப்பு 60 கிராம். அதில் ஒரு பகுதி நெய் விட்டுப் பிசையப் பருப்பாக, மறுபகுதி சாம்பாரில். கொண்டைக்கடலை 60 கிராம் ஊறவைத்துச் சுண்டல். தயிர் 300 கிராம். காய்கறி இரண்டு வகை. வறுத்த நிலக்கடலை ஒரு பிடி, அதாவது 30 கிராம். வாழைப்பழம் இரண்டு. இவ்வளவிலும் ஏறத்தாழ 1800 கலோரி ஆற்றலும் 55 கிராமுக்குச் சற்று மேற்பட்ட புரதமும் கிடைக்கும். 64 கிலோ எடையுள்ள ஆட்டக்காரருக்குப் பயிற்சிக் காலத்தில் இதைவிடக் கூடுதலாகவே வேண்டும். ஆனால் பயிற்சி பாதியாகிவிட்ட ஆறே நாளுக்கு இக்குறை பெரிதன்று. இரவில் பால் அருந்துவது தம் நோன்புக்கு ஏற்றது எனக் கருதும் குடும்பத்தாராயின், இரண்டு தம்ளர் பால் அக்குறையில் ஒரு பகுதியைத் தீர்க்கும். இந்த இளைஞரின் வீட்டில் அதற்கு இசைவு இருந்தது.

உண்ணும் முறையிலும் சிறிது கவனம் வேண்டும். நெடுநேரம் வெறுமையாக இருந்த வயிற்றில் பரபரவென்று சோற்றை இட்டால் மந்தமும் உறக்கமும் வரும். முதலில் ஒரு பழமும் மோரும்; பிறகு சுண்டலும் காயும்; அதன் பின்னரே சோறு. முக்கால் மணி நேரம் அமர்ந்து மென்று உண்ணலாம். ஒரே இலையில் ஒரே அமர்வில் உண்பதால் நோன்புக்குக் குறைவில்லை. கடலையை எட்டு மணி நேரமாவது ஊறவைத்துக் குழைய வேகவைத்தல் வேண்டும். முதல் நாளிலேயே பழக்கமில்லாத வயிற்றில் நிறைய இட்டால் உப்புசம் உண்டாகும்.

நீரைப் பற்றிச் சொல்லாமல் இப்பேச்சு முற்றுப் பெறாது. உண்மையில் நோன்பாளிகள் பலர் துன்புறுவது பசியாலன்று, நீர்க் குறைவாலேயே. நீரும் கொள்ளாமல் இருப்பதே தம் நோன்பு என உறுதி பூண்டவர் வியர்க்கும் பயிற்சியை அந்நாளில் விட்டுவிட வேண்டும். நீர் பருகலாம் என்போர் அதை அளந்து பருகுவது எளிது. பயிற்சிக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். நம் இளைஞர் ஒரு மாலை 64 கிலோவாக இருந்து 63.2 கிலோவாகக் குறைந்தார். குறைந்த 800 கிராமும் வியர்வையே. குறைந்ததைப்போல் ஒன்றரை மடங்கு, அதாவது ஒரு லிட்டருக்குச் சற்று மேல், இரவு உறங்குமுன் சிறிது சிறிதாகப் பருகச் சொன்னோம். எடையில் நூற்றுக்கு இரண்டு பங்கிற்கு மேல், அதாவது இவருக்கு 1.3 கிலோவுக்கு மேல் குறைந்தால் ஆட்டத்தின் திறமே குன்றும். மறுநாள் பயிற்சியை நிறுத்திவிட வேண்டும். சிறுநீர் வைக்கோல் நிறமாக இருந்தால் நலம். தேநீர் நிறமாக இருந்தால் நீர் போதவில்லை என்று பொருள்.

உப்பை நீக்கி உண்ணும் நோன்பும் சிலரிடம் உண்டு. அவர்கள் மற்றோர் அபாயத்தை நினைவிற் கொள்ளல் வேண்டும். வியர்வையோடு உப்பும் வெளியேறுகிறது. அதை ஈடு செய்யாமல் வெறுந்தண்ணீரை மட்டும் மிகுதியாகப் பருகினால் இரத்தத்தின் உப்பு நீர்த்துப்போகும். தலைவலி, குமட்டல், மனக்குழப்பம் ஆகியவை அதன் அறிகுறிகள். இதைத் தாகம் என்று எண்ணி மேலும் நீர் கொடுப்பது கேட்டை வளர்க்கும். உப்பில்லா நோன்பாளிக்கு அந்த நாட்களில் நடைப் பயிற்சியே போதும்.

ஒவ்வொரு நாள் காலையும் படுக்கையிலிருந்து எழுமுன் நாடியை ஒரு நிமிடம் எண்ணிப் பார்க்கச் சொல்லியிருந்தேன். அவருடைய வழக்கமான எண்ணிக்கை 58. நான்காம் நாள் 62 ஆயிற்று, அது பொறுக்கத்தக்கது. பத்துக்கு மேல் கூடினால் அன்று ஓய்வு என்பது எங்கள் ஏற்பாடு. அதே நாளில் அவருடைய எடை 1.3 கிலோ குறைந்திருந்தது. தாயார் பதறிவிட்டார். "சதை கரைந்துபோகிறதே, ஐயா" என்றார். அது சதையன்று. தசையிலும் ஈரலிலும் சேர்ந்த சர்க்கரைச் சத்து ஒவ்வொரு கிராமும் ஏறத்தாழ மூன்று கிராம் நீரைத் தன்னோடு பிடித்து வைத்திருக்கும். சத்து குறைய நீரும் உடன் நீங்கும். நோன்பு முடிந்த மூன்றாம் நாள் அவர் எடை பழைய நிலைக்கு வந்தது. நோன்பினால் விரைவாக மெலிந்தேன் என்று மகிழ்பவர்களும் இதை அறிந்துகொள்வது நல்லது.

எந்த முன்னேற்பாடு செய்தாலும் சில அறிகுறிகள் தோன்றினால் அந்த இடத்திலேயே நிறுத்த வேண்டும். குளிர்ந்த வியர்வை, கை நடுக்கம், கண் இருளல், கூப்பிட்டால் பொருந்தாத விடை ஆகியவை அவை. உடனே நிழலிற் படுக்க வைத்துக் காலைச் சற்று உயர்த்தி, உணர்வு தெளிவாக இருந்தால் வெல்லமோ சர்க்கரையோ கரைத்த நீர் கொடுக்க வேண்டும். உணர்வு தவறியவருக்கு வாயில் எதுவும் ஊற்றலாகாது. மருத்துவரிடம் கொண்டு செல்லல் வேண்டும். நீரிழிவுக்கு இன்சுலினோ மாத்திரையோ கொள்பவர்கள், கருவுற்ற தாய்மார்கள், வளரும் சிறுவர் சிறுமியர் ஆகியோர் நோன்பையும் கடும் பயிற்சியையும் ஒரே நாளில் சேர்த்துக்கொள்வது கூடாது.

நோன்புகளெல்லாம் நண்பகல் ஒருபொழுதாக அமைவதில்லை. இரவில் மட்டும் உண்பவர், உணவுக்கு ஒன்றரை மணி நேரம் முன்னதாக அளவான பயிற்சியைத் தொடங்கி, முடித்தவுடன் உண்ண அமரலாம். அவருக்கு முன்னே வலுக் குறைவு. பின்னே உடனே ஈடு கிடைக்கும் நன்மை உண்டு. ரமலான் நோன்பிருக்கும் இசுலாமிய ஆட்டக்காரர் பலரும் கொள்ளும் முறை இதுவே. ஆனால் அவர்கள் பகலில் நீரும் கொள்ளாதவராதலால், அம்முன்பயிற்சியை மேலும் மென்மையாக வைத்துக்கொள்கிறார்கள். ஏகாதசி போன்ற ஒரு நாள் நோன்புக்கோ இவ்வளவு கணக்கு வேண்டியதில்லை. வாரத்தில் ஒரு நாள் எப்படியும் ஓய்வு வேண்டுமன்றோ? அந்த ஓய்வு நாளை ஏகாதசிக்கு மாற்றிக்கொண்டால் போதும். தானியம் நீக்கிப் பாலும் பழமும் கிழங்கும் கொண்டு இருந்து, துவாதசியன்று காலை உண்டபின் மாலையில் பயிற்சிக்குத் திரும்பலாம்.

நோன்பு முடிந்த மறுநாள் பலர் செய்யும் பிழையையும் சொல்லிவிடுகிறேன். திருக்கல்யாண விருந்தை வயிறு புடைக்க உண்டு, விட்டுப்போன பயிற்சியை எல்லாம் ஒரே நாளில் செய்து முடிக்கப் பார்க்கிறார்கள். மூன்று வேளையாகப் பிரித்து அளவாக உண்பதும், முதல் நாள் பாதிப் பயிற்சி, மறுநாள் முக்காற் பயிற்சி என ஏறுவதுமே முறை. ஆறு நாளும் நீரோ பாலோ மட்டும் கொண்டு இருந்தவர்கள் இன்னும் பொறுமையாக, கஞ்சியிலிருந்து தொடங்கி, சில நாள் கழித்தே களத்திற்கு வருதல் வேண்டும்.

அந்த இரண்டாம் ஆண்டு நம் இளைஞர் ஆறு நாளும் நோன்பு வழுவாமல் இருந்தார். பத்தாம் நாள் வட்டார ஆட்டத்திலும் இறங்கினார். அவருடைய அணி வென்றது என்று சொல்லி முடிக்க எனக்கும் விருப்பந்தான். ஆனால் அன்று இரண்டு புள்ளியில் தோற்றோம். என்றாலும் ஆட்டத்தின் கடைசி ஐந்து நிமிடத்தில் மூன்று முறை பாடிச் சென்று மூன்று முறையும் தொட்டு மீண்டவர் அவர் ஒருவரே. வீடு திரும்பும் வழியில், "அடுத்த ஆண்டும் இதே கணக்குத்தானே, வாத்தியாரையா?" என்று கேட்டார். "ஆம், காலையில் தண்ணீரை மட்டும் மறந்துவிடாதே" என்றேன்.